மெஷின் பக்கத்தில் ஒரு நோட்டு

வீட்டில் மெஷின் போட்டு அக்கம்பக்கத்துக்குத் தைத்துக் கொடுக்கும் சகோதரிகள் நம்மில் நிறையப் பேர். "மாசம் என்ன கிடைக்குது?" என்று கேட்டால் சட்டென்று ஒரு தொகை சொல்லிவிடுவோம். "யாரால் கிடைக்குது? அதுக்கு எத்தனை மணி நேரம் உட்கார்ந்தீங்க?" என்று கேட்டால் பதில் வராது. பெண்ணுக்குக் கல்லூரிக் கட்டணம், எனக்கு முதுகு வலி. இரண்டும் சேர்ந்து வந்த வருடத்தில், யாருக்குத் தைப்பது, யாரை விடுவது என்று முடிவு செய்ய வேண்டி வந்தது. அதற்காக ஏப்ரல் முதல் மார்ச் வரை ஒரு வருடம் முழுக்கக் கணக்கு எழுதினேன்.

ஒரு நீள நோட்டு. வாடிக்கைக்காரர் ஒருவருக்கு ஒரு பக்கம். பக்கத்துக்கு நாலு கட்டம்: கைக்கு வந்த பணம், செலவு, தைத்த நேரம், தைக்காத நேரம். பாக்கி வைத்தால் அதை வரவில் எழுதக் கூடாது. கைக்கு வந்தபிறகுதான் அது வரவு.

நாலாவது கட்டம்தான் முக்கியம். அளவு எடுப்பது, கழுத்து டிசைன் பேசுவது, லைனிங் துணிக்கு நிறம் பொருத்தக் கடைக்குப் போவது, போட்டுப் பார்த்து "அக்குள் பிடிக்குது" என்றால் பிரித்துத் தைப்பது எல்லாம் அதில் சேரும். இதற்கெல்லாம் தனியாக யாரும் கூலி தருவதில்லை. ஆனால் நேரம் நம்முடையதுதானே!

நேரத்தை ராத்திரி ஞாபகப்படுத்தி எழுதினால் சரியாக வராது. மெஷினுக்கு நேரே கடிகாரம் மாட்டி, கால் மணிக்கு ஒரு கோடு போட்டேன். நாலு கோடு ஒரு மணி. நடுவே குக்கரை இறக்கப் போனால் அந்த நேரம் சேராது. ஃபால்ஸ் போன்ற சின்ன வேலைக்குப் பத்துச் சேலை தைத்துப் பார்த்து, சராசரி எடுத்துக்கொண்டால் போதும்.

வருடக் கடைசியில் மூன்று பக்கங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

முதல் பக்கம், ஒரு ஜவுளிக் கடை. சேலைக்கு ஃபால்ஸ் தைத்து ஓரம் அடிப்பதற்கு 70 ரூபாய், ஃபால்ஸ் துணி என்னுடையது. வருடத்துக்கு 600 சேலை, வரவு 42,000 ரூபாய். ஃபால்ஸ் துணி 12,000, நூல் 2,000, வாரா வாரம் போய் வர ஆட்டோ 4,000 போக நின்றது 24,000. தைத்த நேரம் 400 மணி. கடைக்குப் போய்க் காத்திருந்த நேரம் 80 மணி. மொத்தம் 480 மணி. மணிக்கு 50 ரூபாய்.

இரண்டாவது, நாத்தனார் வழி உறவு. விசேஷம் வந்தால் ஆரி வேலை செய்த பட்டு ரவிக்கைதான். ஒன்று 1,500 ரூபாய், வருடத்துக்குப் பத்து, வரவு 15,000. ஆரி வேலை செய்பவருக்கு 7,000, லைனிங், கொக்கி, நூல் 1,000 போக நின்றது 7,000. தைத்த நேரம் 35 மணிதான். அதை மட்டும் பார்த்தால் மணிக்கு 200 ரூபாய், இவர்தான் ராணி! ஆனால் டிசைன் மாற்றுவது, ஆரிக்காரரிடம் அலைவது, மூன்று தடவை பிரிப்பது என்று தைக்காத நேரம் 65 மணி. நூறு மணிக்குப் பங்கு போட்டால் மணிக்கு 70 ரூபாய்.

மூன்றாவது, வங்கியில் வேலை பார்க்கும் ஒரு அம்மா. சாதாரண லைனிங் ரவிக்கை, 450 ரூபாய், வருடத்துக்கு 24. வரவு 10,800. செலவு 1,800 போக நின்றது 9,000. அளவு ரவிக்கையைக் கொண்டு வந்து கொடுத்துவிட்டு, "வெள்ளிக்கிழமை வாங்கிக்கிறேன்மா" என்று போய்விடுவார். தைத்த நேரம் 72 மணி, மற்றது மூன்றே மணி. மணிக்கு 120 ரூபாய்.

பார்த்தீர்களா? வருட வரவில் கடை முதல். தைத்த மணிக்குக் கூலி என்று பார்த்தால் உறவுக்காரர் முதல். உண்மையாகச் செலவான மணிக்குப் பார்த்தால், மூவரிலும் குறைவாகக் கொடுத்த அந்த அம்மாதான் முதல். ரூபாயில் நமக்கு நிற்பதும் அப்படித்தான். அவர் கொடுக்கும் ஒரு ரூபாயில் 83 காசு நமக்கு, கடையில் 57 காசு, உறவில் 47 காசுக்கும் கீழே.

அப்படியானால் கடையை விட்டுவிட வேண்டியதுதானா? பக்கத்து வீட்டு அக்கா அப்படித்தான் சொன்னார். நான் விடவில்லை. அங்கேதான் இன்னொரு கேள்வி கேட்க வேண்டும். அந்த நேரம் காலியானால் அதில் வேறு வேலை வருமா?

ஆடி மாதம் முகூர்த்தம் கிடையாது, ரவிக்கை வேலை படுத்துவிடும். அதே ஆடியில் கடையில் தள்ளுபடி விற்பனை, சேலை குவியும். அப்போது மணிக்கு 50 ரூபாய் வேண்டாம் என்றால் கையில் வருவது பூஜ்யம்தான். தீபாவளிக்கு முந்தின ஆறு வாரம் அப்படியில்லை. ரவிக்கையோடு வருபவர்களைத் திருப்பி அனுப்புகிறோம். அப்போது கடைச் சேலைக்கு உட்கார்ந்தால் 120 ரூபாய் வேலையை விட்டு 50 ரூபாய் வேலை பார்க்கிறோம்.

அதனால் கடைக்காரரிடம் இரண்டு விஷயம் கேட்டேன். கூலியை ஏற்றுங்கள் என்றதற்கு, "கட்டுப்படி ஆகாதும்மா" என்றார். பையனிடம் சேலையைக் கொடுத்தனுப்புங்கள் என்றதற்குச் சரி என்றார். அதிலேயே ஆட்டோ 4,000 ரூபாயும் 80 மணியும் மிச்சம். 28,000 ரூபாய், 400 மணி என்று ஆகி, மணிக்கு 70 ரூபாய் வந்துவிடும். தீபாவளிக்கு முன்னால் ஆறு வாரம் வேலை எடுப்பதில்லை என்றும் சொல்லிவிட்டேன். அதில் 72 சேலை குறைந்தது, எனக்கு நஷ்டம் 3,360 ரூபாய். அந்தச் சேலைகளுக்குப் போயிருக்கும் நேரத்தில் 15 ரவிக்கை தைத்ததில் நின்றது 5,625.

உறவில் பேசுவதுதான் கஷ்டமாக இருந்தது. முதல் தடவை பிரித்துத் தைப்பது இலவசம், அதற்கு மேல் ஒவ்வொரு தடவைக்கும் 150 ரூபாய், ஆரி டிசைனை நேரே ஆரிக்காரரிடமே பேசிக்கொள்ள வேண்டும் என்றேன். "நமக்குள்ள போய்க் கூலியா அண்ணி?" என்று முகம் சுண்டியது. இரண்டு ரவிக்கையை வேறு இடத்தில் கொடுத்தார். பிறகு வந்த நாலு ரவிக்கைக்கு டிசைனை முடிவு செய்துகொண்டுதான் வந்தார், ஒன்றைத்தான் பிரித்தேன்.

அந்த வங்கி அம்மாவுக்குச் சொன்ன தேதி மட்டும் எந்த அவசரத்திலும் தவறுவதில்லை.

ஒன்று கவனிக்க வேண்டும். கரண்டு, எண்ணெய், ஊசி, மெஷின் சர்வீஸ் எல்லாம் எனக்கு வருடம் 6,000 ரூபாய் ஆகிறது. மொத்தம் 1,200 மணி தைத்தால் மணிக்கு 5 ரூபாய் எல்லார் கணக்கிலும் கழிய வேண்டும். ஒரு வாடிக்கையை விட்டால் இந்தச் செலவில் பெரும்பகுதி குறையாது, மிச்சம் இருப்பவர் தலையில் ஏறும். இதையும் பார்த்துத்தான் யாரையும் விட வேண்டும்.

ஒரு மாதக் கணக்கை வைத்து முடிவு செய்யாதீர்கள். முகூர்த்த மாதம் ஒரு மாதிரி, ஆடி ஒரு மாதிரி. வருடம் முழுக்க எழுத முடியாதவர்கள் நெருக்கடியான இரண்டு வாரம், சும்மா இருக்கும் இரண்டு வாரம் கோடு போட்டுப் பாருங்கள். யாருக்கு எவ்வளவு நேரம் போகிறது என்பது அதிலேயே ஓரளவு தெரிந்துவிடும்.