"அனுப்பிவிடுங்கள்" என்பதில் மரியாதை எங்கே இருக்கிறது?

செம்பூரில் இயங்கும் ஒரு கள ஆய்வுக் குழுவைக் கற்பனை செய்துகொள்வோம். ஒருங்கிணைப்பாளர் மாட்டுங்காவில் வளர்ந்த தமிழ்ப் பெண். தாராவியில் வீடு வீடாகச் சென்று படிவம் நிரப்புபவர், தாத்தா காலத்தில் திருநெல்வேலியிலிருந்து குடியேறிய குடும்பத்தின் பெண்மணி; வயதில் மூத்தவர். தரவைச் சரிபார்ப்பவர் மராத்தியர். பகுப்பாய்வாளர் ஜெர்மானியர். வியாழக்கிழமை மாலை 4 மணிக்குள் 40 படிவங்கள் திருத்தப்பட்டு வந்தாக வேண்டும். ஒருங்கிணைப்பாளர் குழுவுக்கு ஆங்கிலத்தில் ஒரே வரி எழுதுகிறார்: "தாராவிப் படிவங்கள் சில இன்னும் முழுமையடையவில்லை போலத் தெரிகிறது."

எழுதியவருக்கு அது வேண்டுகோள். ஜெர்மானியருக்கு அது வெறும் தகவல். மராத்தியர், உரியவர் திருத்துவார் என்று காத்திருக்கிறார். தாராவிப் பெண்மணிக்கோ அது பலர் முன்னிலையில் விழுந்த குற்றச்சாட்டு. வியாழன் கடந்துபோகிறது, பழி, குழுவிலேயே மிகக் குறைந்த ஊதியம் பெறுபவர் மீது இறங்குகிறது.

வேண்டுகோள்களை மொழிகளுக்கிடையே ஒப்பிட்ட பெரும் ஆய்வுத் திட்டமொன்றின் முடிவுகளை ஷோஷனா புளூம்-குல்கா, யூலியானே ஹௌஸ், காப்ரியேலே காஸ்பர் மூவரும் 1989இல் நூலாகத் தொகுத்தனர். வேண்டுகோளை அவர்கள் மூன்று பெரும் படிகளாகப் பிரித்தனர். "அனுப்புங்கள்" என்பது நேர்க்கூற்று. "அனுப்ப முடியுமா?" என்பது எல்லோரும் வேண்டுகோளாகவே அறிந்துகொள்ளும் வழக்கமான மறைமுகம். "இன்னும் வரவில்லை போல" என்பது குறிப்பு. கேட்பவரே பொருளை ஊகிக்க வேண்டும். ஒப்பிடப்பட்ட மொழிகளில் அர்ஜென்டினா ஸ்பானியர் அதிகம் நேராகவும், ஆஸ்திரேலிய ஆங்கிலேயர் மிகக் குறைவாக நேராகவும் கேட்டனர். அந்த ஒப்பீட்டில் தமிழ் இடம்பெறவில்லை.

மறைமுகம் கூடக்கூட மரியாதையும் கூடும் என்பது பொதுவான நம்பிக்கை. எபிரேயம், ஆங்கிலம் பேசுவோரின் மதிப்பீடுகளைக் கொண்டு 1987இல் புளூம்-குல்கா காட்டியது வேறு: மிகுந்த மரியாதையாகக் கருதப்பட்டது நடுப்படியே, குறிப்பு அன்று. ஊகிக்கும் சுமையைக் கேட்பவர் தலையில் ஏற்றுவதும் ஒருவகை அவமதிப்பே.

அப்படியிருக்க, ஒருங்கிணைப்பாளர் ஏன் குறிப்பில் போய் நின்றார்? அதே செய்தியைத் தமிழில் அவர் இப்படிச் சொல்லியிருப்பார்: "அக்கா, அந்த 40 படிவத்தையும் வியாழக்கிழமை நாலு மணிக்குள்ள திருத்தி அனுப்பிடுங்க." வினைவடிவத்தைப் பார்த்தால் இது ஏவல், மிக நேரானது. ஆயினும் யாரையும் புண்படுத்தாது. "அக்கா" என்ற விளி உறவை நிறுவுகிறது. "-ங்க" விகுதி மதிப்பைத் தருகிறது. ஆங்கிலத்தில் இவ்விரண்டுக்கும் இடமில்லை. மிஞ்சுவது மொட்டையான ஏவல். அது கடுமையாக ஒலிக்குமோ என்று அஞ்சியவர், நடுப்படியைத் தாண்டிக் குறிப்புக்கே போய்விட்டார். பணிவைக் காக்க முயன்றதில் யார், எதை, எப்போது என்ற மூன்றும் தொலைந்தன.

மும்பையின் பிற மொழிகளும் மரியாதையின் பெரும்பகுதியை வினைமுடிவிலேயே வைத்திருக்கின்றன. இந்தியில் "பேஜ் தோ", நெருக்கத்தோடு பிற்பாடு செய்யச் சொல்லும் "பேஜ் தேனா", மதிப்பான "பேஜ் தீஜியே" மூன்றும் ஏவல்களே. மராத்தியில் "பாட்டவா" மதிப்பான ஏவல், "பாட்டவால் கா?" என்பது "அனுப்புவீர்களா?" என்று கேட்பது. ஆகவே தாராவிப் பெண்மணியிடமும் மராத்தியரிடமும் அவரவர் மொழியில் நேராகவே கேட்கலாம்.

பொதுச் செய்தி ஆங்கிலத்தில்தான் போக வேண்டுமென்றால், அதே ஆய்வு காட்டும் பகுப்பு உதவும்: விளி, மையக்கூற்று, துணைக்கூற்று. மென்மையை விளியிலும் துணைக்கூற்றிலும் வைக்க வேண்டும். மையத்தில் மங்கல் கூடாது. பெண்மணிக்குத் தனியே, தமிழில், மேற்சொன்ன வாக்கியம் போகும்; அதோடு "வெள்ளிக்கிழமை பகுப்பாய்வு தொடங்குது" என்ற காரணமும் சேரும். குழுவுக்கு: "திருத்திய 40 படிவங்கள் வியாழன் மாலை 4 மணிக்கு வரும். அன்றிரவே அவற்றைச் சரிபார்த்துத் தர முடியுமா?" என்று மராத்தியரைப் பெயர் சொல்லிக் கேட்பது. ஜெர்மானியரும் தன் வேலை எப்போது தொடங்கும் என்பதை அதிலிருந்தே அறிந்துகொள்வார்.

இதற்கு ஓர் எல்லை உண்டு. பெனலோப் பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் பணிவைப் பற்றிய தம் கோட்பாட்டை மூன்று மொழிகளின் சான்றுகளால் எழுப்பினர். அவற்றுள் ஒன்று கோவைப் பகுதிச் சிற்றூர் ஒன்றின் தமிழ். கேட்பவருக்கும் கேட்கப்படுபவருக்கும் உள்ள தொலைவு, அதிகார வேறுபாடு, கேட்கும் உதவியின் பளு ஆகிய மூன்றும் சேர்ந்தே சொல்வடிவைத் தீர்மானிக்கின்றன என்பது அவர்கள் வாதம். "முடியுமா?" என்ற கேள்வி, "முடியாது" என்று சொல்லக்கூடியவரிடம் மட்டுமே உண்மையான கேள்வி. நாட்கூலிக்கு உழைப்பவரிடம் அதைக் கேட்டு, மறுப்புக்கு இடமே தராமல் இருந்தால், அது ஏவலுக்குப் போர்த்திய போர்வை. அவரிடம் வேலையை நேராகச் சொல்லி, "40 அதிகமா இருந்தா எத்தனை முடியும்னு இன்னைக்கே சொல்லிடுங்க அக்கா" என்று சேர்ப்பதே மரியாதை. அவர் "25 தான் முடியும்" என்றால், மீதி 15க்கு ஆள் தேட ஒருங்கிணைப்பாளருக்கு இன்னும் நாள் இருக்கும்.