ஐக்கு ஜோடி இல்லை

எங்கள் அத்தை பால்வாடி டீச்சர். பிள்ளைகள் அ, ஆ சொல்ல அவள் கட்டிய முருகன் பாட்டு, எங்கள் வீட்டுத் திண்ணையில் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில்தான் உருவானது. அவள் எழுத எழுத நான் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். எங்கே நாக்கு தட்டுகிறதோ அந்த இடத்தில் பென்சிலால் ஒரு சுழி.

இரண்டிரண்டு வரியாகத்தான் எழுதினாள். அதில் ஒரு சூட்சுமம் இருந்தது. அகரத்துக்கு ஆகாரம் மோனை, இகரத்துக்கு ஈகாரம் மோனை. ஆகவே, 'அழகு மயில் ஏறுவான், ஆறு முகம் காட்டுவான்' என்று வைத்தால் வரித் தொடக்கம் தானாகவே ஒலி சேர்ந்துவிடும். 'இலஞ்சி ஊரில் வாழுவான், ஈசன் மடியில் ஆடுவான்.' குற்றாலம் போகிற வழியில் இலஞ்சிக் குமாரர் கோயில் இருப்பதால் அந்த ஊர் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். 'உமையின் வேலை ஏந்துவான், ஊரைத் தேரில் சுற்றுவான்.' இதுவரை சுழியே இல்லை.

எகரத்துக்கு, 'எளியவர்க்கு அருளுவான்' என்று முதலில் எழுதினாள். மறுநாள் பால்வாடியில் மழலைகள் அத்தனை பேரும் 'எலியவர்க்கு' என்று பாடியிருக்கிறார்கள். "எலி பிள்ளையாருக்குல்லா, முருகனுக்கு ஏதுல?" என்று சிரித்துக்கொண்டே அடித்துவிட்டு, 'எங்க வீட்டைத் தேடுவான்' என்று மாற்றினாள். ள, ழ வருகிற சொல்லை வரியின் முதலில் வைக்கக் கூடாது என்பது அதற்குப் பிறகு அவள் சட்டம்.

ஐகாரத்தில்தான் சிக்கல். அதற்குக் குறில் ஜோடி கிடையாது. வரிசைப்படி போனால் ஐயும் ஒகரமும் ஜோடியாகும், ஓகாரமும் ஔகாரமும் ஜோடியாகும். இரண்டிலும் மோனை சேராது. சாப்பாட்டை மறந்து யோசித்தவள், ஐயைத் தனியாகவே விட்டாள். 'ஐப்பசியில் சூரனை வெல்லுவான்' என்று ஒரு வரி. அடுத்த வரிக்குப் பதிலாக 'வேல் வேல்' என்று கைதட்டு. கடைசியில் பிள்ளைகளுக்கு அந்த இடம்தான் ரொம்பப் பிடித்தது. கைதட்டு முடிந்ததும், 'ஒற்றைச் சொல்லைச் சொல்லுவான், ஓம் எனக் காதில் ஓதுவான்' என்று ஜோடி திரும்பிவிடும்.

ஔவுக்கு யோசிக்கவே இல்லை. நாவல் மரக் கதை இருக்கும்போது ஔவையை விட்டால் வேறு யார்? 'ஔவைக்குப் பழம் உதிர்த்தவன், எஃகு வேலை எடுத்தவன்.'

"இது எ-ல தானே ஆரம்பிக்குது அத்தை?" என்று கேட்டேன்.

"ஆய்தம் எந்தச் சொல்லுக்குல முதல்ல வரும்? ஆத்திசூடியிலயே ஔவை அதுக்கு முன்னால ஒரு அகரம் போட்டுத்தான் சமாளிச்சிருக்கா."

'க'வில் தொடங்கி உயிர்மெய்க்கும் எழுதச் சொன்னேன். அத்தை மாட்டேனென்றாள். ட, ண, ற, ன எதிலும் தமிழ்ச்சொல் தொடங்காது, வரிக்கு வரி எழுத்தை உள்ளே ஒளித்து வைத்தால் நாலு வயசுப் பிள்ளை எதைப் பார்த்து எழுத்தைப் பிடிக்கும் என்று கேட்டாள். பாட்டு உயிரெழுத்தோடும் ஆய்தத்தோடும் நின்றுபோனது.