அட்டையோ, பாசியோ?

தம்பி வங்கிப் படிவத்தோட வந்து நிக்கிறான்.
"அக்கா, சுருவில் கரையில கடலட்டைப் பண்ணை போடுவம். 10 இலட்சம் கடன் எடுத்தாக் காணும்."

அட்டைக்கு நல்ல விலை இருக்கு. சீனாவுக்குப் போற சாமான்.
ஆனா இரவு இருந்து கணக்குப் பார்த்தன்.

14 வீத வட்டி, 3 வருஷம் எண்டால் மாசம் 34 ஆயிரத்துக்கு மேல.
தவணை அடுத்த மாசமே தொடங்கும்.
குஞ்சு விட்டா, விக்கிற நிறை வர எட்டு மாசமும் ஆகும், ஒரு வருஷமும் ஆகும்.
அட்டை காசாக முன்னமே மூண்டு, நாலு இலட்சம் கட்டியிருப்பம். அது எங்கயிருந்து வாறது?

மாரி வேற.
மழைத்தண்ணி ஆழமில்லாத கரையில உப்பைக் குறைச்சா அட்டை தாங்காது.
அது செத்தாலும் தவணை நிக்காது.

கடற்பாசியெண்டால் என்ர சேமிப்பில கொஞ்சக் கயிறு கட்டலாம்.
45 நாளில வெட்டலாம். வெட்டினதில ஒரு பங்கைத் திருப்பிக் கட்டினா அதுதான் அடுத்த விதை.
காசு சின்னன்தான். பத்துக் கிலோ காய்ஞ்சா கிட்டத்தட்ட ஒரு கிலோதான் மிஞ்சும்.
அதுவும் மாரியில வெளிறி உருகும்.
ஆனா போறது விதையும் உழைப்பும். கடன்காரர் ஒருத்தரும் வாசலுக்கு வரமாட்டினம்.

என்ர மனம் பாசியிலதான்.

முதல் அறுவடை வரைக்கும் வட்டியை மட்டும் கட்டலாமெண்டால் மாசம் 12 ஆயிரத்துக்குள்ள அடங்கும். அப்ப அட்டையையும் யோசிப்பன்.

அட்டைக்குக் கடன் எடுத்த ஆக்கள் சொல்லுங்கோ, உங்களுக்கு முதல் தவணை எப்ப தொடங்கினது?