கேள்வி கேட்பதும் ஒரு கூற்றுதான்: நிராகரிக்கப்பட்ட ஒரு விளம்பரத்தை முன்வைத்து

எங்கள் துறையில் ஆய்வு செய்யும் நண்பர் ஒருவர், திக்கிப் பேசும் தமிழர்கள் சொற்றொடரின் எந்த இடத்தில் தயங்குகிறார்கள் என்று ஆராய்கிறார். பங்கேற்பாளர்களைத் திரட்ட, சமூக ஊடகத்தில் சிறு கட்டண விளம்பரம் ஒன்று கொடுத்தார். ‘உங்களுக்குப் பேச்சு திக்குகிறதா? எங்கள் ஆய்வில் பங்கேற்க வாருங்கள்’ என்பது வாசகம். படத்தில் ஓர் இளைஞர் தொண்டையில் கை வைத்தபடி வாய் திறந்திருந்தார். விளம்பரம் நிராகரிக்கப்பட்டது. வந்த அறிவிப்பில் ‘தனிப்பட்ட பண்புகள்’ என்ற விதிப்பிரிவின் பெயர் இருந்ததே தவிர, எந்தச் சொல் குற்றம் என்ற குறிப்பு இல்லை. வாசகத்தைத் திருத்த மொழியியல் படித்தவள் என்ற முறையில் என்னை அழைத்தார்.

அந்த விதி திக்குதலைப் பற்றிப் பேசுவதைத் தடுக்கவில்லை. வாசிப்பவரின் உடல்நிலை, மதம், இனம், பொருள்நிலை போன்றவை விளம்பரதாரருக்குத் தெரியும் என்று தோன்றும்படி எழுதுவதையே தடுக்கிறது. ‘நான் கேள்விதானே கேட்டேன், எதையும் கூறவில்லையே’ என்றார் நண்பர். இலக்கண நோக்கில் அது சரி. ஆனால் விளம்பரம் என்பது தெருவில் ஒட்டிய சுவரொட்டி அன்று. என் கைப்பேசியில், எனக்கென்று தேர்ந்து காட்டப்பட்டதாக நான் நம்பும் ஒன்று. அங்கே ‘உங்களுக்குத் திக்குகிறதா?’ என்று வாசிக்கும்போது ‘இவர்களுக்கு எப்படித் தெரிந்தது?’ என்ற எண்ணமே முதலில் எழும். உண்மையில் விளம்பரம் அந்நகரில் தமிழ் அறிந்த எல்லோருக்குமே காட்டப்படவிருந்தது. அறியாத ஒன்றை அறிந்ததாகக் காட்டியது வாக்கிய அமைப்புத்தான்.

இத்தகைய வாக்கியங்களைக் கண்டறிய, முன்னனுமானத்துக்கு நாம் வகுப்பில் பயன்படுத்தும் எதிர்மறைச் சோதனையே போதும். ‘உங்கள் திக்குதலைப் பற்றிப் பேசுங்கள்’ என்பதைப் ‘பேசாதீர்கள்’ என்று மாற்றினாலும், உங்களுக்குத் திக்குதல் உண்டு என்ற கருத்து அப்படியே நிற்கிறது. ‘திக்கிப் பேசும் பிறரையும் சந்தியுங்கள்’ என்பதில் அதே வேலையைப் ‘பிறர்’ என்ற சொல்லும் உம்மையும் செய்கின்றன. ‘திக்கிப் பேசுவோரைச் சந்தியுங்கள்’ என்றால் அந்த உட்பொருள் இல்லை. தமிழில் இன்னொரு கண்ணியும் உண்டு. ‘திக்கிப் பேசும் நாம்’ என்பது வாசகரை உள்ளே இழுத்துக்கொள்கிறது. ‘நாங்கள்’ வெளியே விடுகிறது. ஆங்கிலத்தின் ஒற்றைப் பன்மைச் சொல்லில் இந்த வேறுபாடு புலப்படாது.

ஆகவே முன்னிலையை நீக்கி, பண்பை ஆய்வுப் பொருளாக்கினோம்: ‘திக்கிப் பேசுவோர் தமிழ்த் தொடரை எங்கே நிறுத்துகிறார்கள்? 18 வயது நிறைந்தோர் பங்கேற்கக்கூடிய மொழியியல் ஆய்வு. 40 நிமிட உரையாடல் ஒலிப்பதிவு செய்யப்படும். இது சிகிச்சை அன்று.’ தொடர்புடையவர் தாமே தம்மை அடையாளம் கண்டுகொள்வார். மற்றவர் கடந்து செல்வார். இறுதித் தொடர் மிக அவசியம். அது இல்லையேல் குணமாகும் என்ற நம்பிக்கையோடு சிலர் வருவார்கள்.

படமும் ஒரு கூற்றே. தொண்டையைப் பற்றிய கை, திக்குதலை நோயாகவும் அவதியாகவும் காட்டுகிறது. மேலும், கட்டணம் கொடுத்து வாங்கிய படத்தில் இருக்கும் அந்த அறியா இளைஞரைத் திக்கிப் பேசுபவராக்கிவிடுகிறது. அதற்குப் பதிலாக ஒரு மேசை, இரண்டு தேநீர்க் குவளைகள், நடுவே ஒலிப்பதிவுக் கருவி என்று நாங்களே எடுத்த படத்தை வைத்தோம். பங்கேற்பாளர் வந்தால் காணப்போவதும் இதுவே. படத்தின்மீது எழுத்து எதுவும் இடவில்லை. கைப்பேசி அளவில் சுருங்கும்போது மெய்யெழுத்துகளின் புள்ளிகளே முதலில் மறைகின்றன.

இணைப்பு இட்டுச்செல்லும் பக்கத்தையும் பரிசீலனையில் பார்க்கிறார்கள் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நண்பரின் படிவத்துக்கு ‘உங்கள் திக்குதல் பற்றிய வினாக்கள்’ என்று தலைப்பு இருந்தது. அதையும் ‘பேச்சுத் தயக்கம்: ஆய்வுப் படிவம்’ என்று மாற்றினோம். விளம்பர வாசகம் அறநெறிக் குழுவின் ஒப்புதல் பெற்றது என்பதால், திருத்தியதை மீண்டும் குழுவுக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டியிருந்தது. அதன் பிறகே விளம்பரம் ஏற்கப்பட்டது. ஆட்களைத் திரட்டவிருப்போர் குழுவுக்கு அனுப்புமுன்பே தளத்தின் விதிகளையும் படித்துவிடுவது நல்லது. நிராகரிக்கப்பட்டதை ஓரிரு சொல் மாற்றி அடுத்தடுத்து அனுப்புவதும் ஆபத்து. விதிமீறல்கள் சேர்ந்தால் கணக்கே முடக்கப்படலாம். வாசகத்தில் தவறில்லை என்று உறுதியாகத் தோன்றினால், மறுபரிசீலனை கோருவதே முறை.

பரிசீலனை பெரும்பாலும் தானியங்கி. எனவே குற்றமற்ற வாசகமும் சில வேளை சிக்கும்; குற்றமுள்ளது தப்பியும் விடும். ஆகவே ஒப்புதல் கிடைத்ததை மட்டும் வாசகத்தின் தகுதிக்குச் சான்றாகக் கொள்ள முடியாது. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்க்கும் திரையில் அந்த வரி தோன்றினால், கைப்பேசி வைத்திருப்பவரைப் பற்றி அது எதையாவது சொல்லிவிடுகிறதா என்று கேட்டுப் பார்க்கலாம். பள்ளிக்காலம் முதல் பேச்சை மறைத்து வாழப் பழகிய ஒருவருக்கு அந்த ஒரு வரி சிறிய விஷயம் அன்று.