தகர மூடியும் கொட்டாங்கச்சியும்

பார்வைக் குறைவு வேறு, பார்வையின்மை வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதால், வகுப்பில் அமர்ந்திருந்தும் பாடத்திற்கு வெளியே நிற்கும் பிள்ளைகள் பலர். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதற்கு ஓர் அளவு கூறுகிறது. கண்ணாடி அணிந்த பின்னும், இரு கண்களுள் நல்ல கண்ணின் பார்வை 6/18-க்கு மேற்படாமல் 3/60 வரை இருந்தால் அது குறைபார்வை. நல்ல கண்ணுடையவர் 18 மீட்டர் தொலைவிலிருந்து படிக்கும் எழுத்தை, இவர்கள் 6 மீட்டருக்கு நெருங்கி வந்தே படிப்பர் என்பது முதல் எண்ணின் பொருள். ஆகவே, இவர்களுக்குப் பார்வை உண்டு. அதை எங்கே, எப்படிப் பயன்படுத்த முடியும் என்பதே கேள்வி.

இளையாத்தங்குடியிலிருந்து எங்கள் பள்ளிக்கு வந்து பத்தாம் வகுப்பில் படித்த ஒரு மாணவியின் நிலை இதுதான். அவளுடைய கருவிழிகள் ஓயாமல் இடமும் வலமுமாக நடுங்கிக்கொண்டிருக்கும். வெளிச்சம் கூசும். அறிவியல் செய்முறைத் தேர்வு நெருங்கியபோது, “அவளுக்கு விலக்கு வாங்கிவிடலாம், இல்லையேல் பக்கத்துப் பிள்ளை அளந்து சொல்ல, அவள் எழுதிக்கொள்ளட்டும்” என்று சிலர் கூறினர். அவளோ பதினோராம் வகுப்பில் அறிவியல் பிரிவே வேண்டும் என்றிருந்தாள். பிறர் எடுத்த அளவை எழுதிக்கொண்டால் மதிப்பெண் வரும். ஆனால் செய்முறை அவளுடையதாகாது. எனவே, அவளே அளக்கும் வழியைத் தேட முற்பட்டோம்.

முதலில் இருக்கையைப் பற்றிச் சொல்கிறேன். குறைபார்வை என்றவுடன் முதல் வரிசையின் நடுவில் அமர்த்துவது வழக்கம். எல்லார்க்கும் அது பொருந்துவதில்லை. விழி நடுக்கம் உடைய பலருக்கு, பார்வையை ஒரு குறிப்பிட்ட பக்கம் திருப்பும்போது நடுக்கம் தணிந்து, உருவம் சற்றுத் தெளியும். இவளுக்கு அது வலப்பக்கம். அதனால், நேரே உள்ளதைப் பார்க்க முகத்தை இடப்புறம் திருப்பி, ஓரக்கண்ணால் நோக்குவாள். “நேராகப் பார்” என்று அதட்டினால் அவளுக்குக் கிடைக்கும் கொஞ்சம் தெளிவும் பறிபோகும். கரும்பலகையை நோக்கி அமர்கையில் வகுப்பின் இடப்பக்கத்தில் அவளுக்கு இடம் தந்தோம். பலகை தானாகவே அவளுக்கு வலப்புறம் அமைந்தது. கழுத்தைத் திருப்பும் சிரமமும் குறைந்தது.

வெளிச்சத்தைப் பற்றி அவள் வீடே எனக்குக் கற்பித்தது. செட்டிநாட்டுப் பழைய வீடுகளின் அமைப்பை நம் வாசகர்கள் அறிவார்கள். நடுவே திறந்த முற்றம், சுற்றிலும் தூண் நிறுத்திய தாழ்வாரம், வழவழப்பான தரை. நண்பகலில் முற்றத்து ஒளி தரையில் பட்டுத் தெறிக்கும். நான் சென்றிருந்தபோது, அவள் முற்றத்திற்கு முதுகைக் காட்டி, தூணின் நிழலில் அமர்ந்து, புத்தகத்தை முகத்தருகே உயர்த்திப் படித்துக்கொண்டிருந்தாள். “இப்படிக் கிட்ட வைத்துப் படித்தால் உள்ள கண்ணும் போய்விடாதா, டீச்சர்?” என்று அவளுடைய அப்பத்தா கவலையுடன் கேட்டார்கள். “போகாது அப்பத்தா. கிட்ட வைத்தால் எழுத்து பெரிதாகத் தெரிகிறது, அவ்வளவுதான். குனிந்தே படித்தால் முதுகுதான் வலிக்கும்” என்றேன். மறுநாள் ஆய்வுக்கூடத்திலும் சன்னலுக்கு முதுகு காட்டியே அவளுக்கு இடம் அமைத்தோம். பளபளக்கும் மேசை மீது மங்கலான கறுப்புத் துணியை விரித்தோம். எழுதுவதற்குச் சாய்வுப்பலகையும் தடித்த கறுப்புப் பேனாவும் தந்தோம்.

இனிச் செய்முறைக்கு வருவோம். திருப்புத்திறன்களின் தத்துவத்தைக் கொண்டு ஒரு பொருளின் எடையைக் காண்பது பத்தாம் வகுப்பின் இயற்பியல் செய்முறைகளுள் ஒன்று. மீட்டர் அளவுகோலை நடுவில் நூல் கட்டித் தொங்கவிட்டு, ஒரு பக்கம் எடை தெரிந்த கல்லையும், மறுபக்கம் எடை தெரியாத பொருளையும் மாட்ட வேண்டும். கோல் கிடைமட்டமாக நிற்கும்போது, ஒரு பக்கத்து எடையை நடுவிலிருந்து அதன் தொலைவால் பெருக்கிய தொகையும், மறுபக்கத்து அத்தகைய தொகையும் சமமாயிருக்கும். சந்தைத் தராசுக்கும் சிறுவர் ஏறும் ஏற்றப்பலகைக்கும் உரிய விதிதான் இது.

இதில் கண்ணுக்கு இரண்டே வேலைகள். ஒன்று, கோல் சமமாக நிற்கிறதா என்று பார்ப்பது. மற்றொன்று, தொலைவைப் படிப்பது. முதல் வேலையைச் செவிக்கும், இரண்டாவதை விரலுக்கும் மாற்றினால் போதும்.

விரல் வேலைக்குப் பள்ளியின் அளவுகோல் பயன்படவில்லை. தச்சரிடம் சொல்லி, அதே நீளமுள்ள ஒரு மெல்லிய மரப்பட்டை செய்வித்தோம். நடுவிலிருந்து இரு பக்கமும், அதன் மேல்விளிம்பில் சென்டிமீட்டருக்கு ஒன்றாக அரத்தால் சிறு வெட்டுகள் இடப்பட்டன. ஐந்தாவது வெட்டுக்கு நேரே, முகப்பில் ஒரு குண்டூசித் தலை. பத்தாவதற்கு நேரே இரண்டு. எடையைத் தாங்கும் நூல் வளையம் வெட்டில் அமர்ந்துகொள்வதால் நழுவுவதில்லை. அது அமர்ந்த இடத்தை விரலும் எளிதில் அறிகிறது. எண்ணிக்கை நடுவிலிருந்தே தொடங்குவதால் இன்னொரு நன்மையும் உண்டு. சாதாரண அளவுகோலில் 75 என்று படித்துவிட்டு, அதிலிருந்து 50-ஐக் கழிக்க மறக்கும் பிள்ளைகள் எத்தனையோ பேர். இப்பட்டையில் அந்தப் பிழைக்கு இடமில்லை.

செவி வேலைதான் யோசிக்க வைத்தது. கோலைக் கையால் தொட்டுச் சமநிலையை அறியலாமே என்று தோன்றும். ஆனால், தொட்ட மாத்திரத்தில் கோல் சாய்ந்துவிடும். கையை எடுத்தபின் அது எப்பக்கம் சாய்கிறது என்பதை ஒலியால் அறிவதே வழி. எனவே, பட்டையின் இடமுனைக்குக் கீழே ஒரு தகர மூடியையும், வலமுனைக்குக் கீழே கவிழ்த்த கொட்டாங்கச்சியையும் கட்டைகள் மேல் வைத்தோம். வெறும் பட்டை நிற்கும்போது, இரு முனைகளுக்கும் கீழே ஒரு சென்டிமீட்டர் இடைவெளி. சுண்டுவிரலை நுழைத்து அவளே அதைச் சரிபார்க்க முடிந்தது. இடப்பக்கம் கனத்தால் தகரம் ‘டிங்’ என்னும். வலப்பக்கம் கனத்தால் கொட்டாங்கச்சி ‘டொக்’ என்னும். எந்த ஒலி எந்தப் பக்கம் என்ற குழப்பமே எழாது.

எடை காண வேண்டிய பொருளை அவளே கொண்டுவந்தாள். அது அப்பத்தாவின் பழைய பெட்டகச் சாவி. 100 கிராம் கல்லை இடப்பக்கம் 20-ஆவது வெட்டில் மாட்டினாள். சாவியை வலப்பக்கம் 20-இல் தொடங்கி, ஒவ்வொரு வெட்டாக வெளியே நகர்த்தினாள். ஒவ்வொரு முறையும் பட்டையைச் சமமாகப் பிடித்து மெல்ல விடுவாள். ‘டிங்’ என்று கேட்கும். 25-இலும் ‘டிங்’. 26-க்கு நகர்த்தியதும் ‘டொக்’! சமநிலை இவ்விரண்டிற்கும் இடையில் இருக்கிறது. நடுவை எடுத்து 25.5 என்று எழுதினாள். 100-ஐ 20-ஆல் பெருக்கி, 25.5-ஆல் வகுத்தால் 78.4 கிராம்.

கல்லை 16-க்கு மாற்றியபோது 20-க்கும் 21-க்கும் இடையில் ஒலி மாறியது, விடை 78.0. கல்லை 24-இல் வைத்தபோது 30-க்கும் 31-க்கும் இடையில் மாறியது, விடை 78.7. மூன்றின் சராசரி 78.4 கிராம். பின்னர், நகைக்கடை மின்தராசில் அச்சாவியை வைத்துப் பார்த்தபோது 78 கிராம் காட்டியது.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். விரலால் எடுக்கும் அளவில் அரை சென்டிமீட்டர் ஐயம் எப்போதும் உண்டு. சாவி 10 சென்டிமீட்டரில் இருந்தால் அந்த ஐயம் நூற்றுக்கு ஐந்து. 25-இல் இருந்தால் நூற்றுக்கு இரண்டுதான். ஆகவே, தொடு அளவுக்கு எடைகளை நடுவிலிருந்து தள்ளியே மாட்ட வேண்டும். இரு வெட்டுகளுக்கு இடையே விடையைச் சிறைப்படுத்தும் இம்முறை, “ஏறத்தாழ நேராக நிற்கிறது” என்று கண்ணால் முடிவு செய்வதைவிட நம்பத்தக்கது. இதைக் கண்ட வேறு இரு குழுவினரும் மூடிகளைக் கேட்டு வாங்கிச் சென்றனர்.

தவறு நேரும் இடங்களும் உள்ளன. மின்விசிறி சுழன்றால் பட்டை ஆடி, பொய்யொலி எழும். அதை நிறுத்தியே தொடங்க வேண்டும். வகுப்பின் இரைச்சலில் ஒலி அமுங்கும் என்பதால் இடைவேளைக்கு முன்பாகவே இவள் முறையை அமைத்தோம். வெறும் பட்டையே ஒரு பக்கம் தட்டினால், வெட்டுகள் சமமாக அராவப்படவில்லை என்று பொருள். இலேசான பக்கத்து முனையில் சிறிது மெழுகை ஒட்டினால் சரியாகும். எல்லாம் சரியா என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. கல்லையும் சாவியையும் பக்கம் மாற்றி மாட்டிப் பாருங்கள். விடை மாறினால் குற்றம் பட்டையில்தான், பிள்ளையிடம் அன்று.

எல்லாச் செய்முறைக்கும் இவ்வழி செல்லாது. ஓர் உப்பு நீரில் கரையும்போது வெப்பத்தை வெளிவிடுகிறதா, ஏற்கிறதா என்பதைச் சோதனைக்குழாயின் வெளிப்புறத்தைத் தொட்டே அறியலாம். அம்மோனியம் குளோரைடு குளிரும். சோடியம் ஹைட்ராக்சைடு சுடும். ஆனால், இவர்கள் முகத்தை நெருக்கிப் பார்ப்பவர்களாதலால் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம் வேண்டும்; பின்னதைக் கையால் தொடவே கூடாது. குவிலென்சின் பிம்பம் திரையில் தெளிவதை விரலோ செவியோ நேராகச் சொல்லாது. அங்கே துணைவர் ஒருவர் “தெளிகிறது, மங்குகிறது” என்று சொல்ல, திரையை நகர்த்துவதும் தொலைவை அளப்பதும் இவளுடைய கையாக இருக்கலாம்.

இத்தகைய பிள்ளையை உடைய பெற்றோர் பள்ளிக்கு வரும்போது, மருத்துவச் சான்றிதழோடு சில செய்திகளையும் கொண்டுவாருங்கள். பிள்ளை எப்பக்கம் முகத்தைத் திருப்பிப் பார்க்கிறது? வீட்டில் எந்த இடத்தில், வெளிச்சம் எங்கிருந்து வர, அமர்ந்து படிக்கிறது? எவ்வளவு பெரிய எழுத்தை எவ்வளவு தொலைவில் படிக்கிறது? சான்றிதழில் இரண்டு எண்கள் இருக்கும். இருக்கையை எங்கே போடுவது என்பதை அவை சொல்வதில்லை. அதை வீட்டில் தினமும் பார்ப்பவர்களே சொல்ல இயலும்.