நடு உறுப்பு எங்கே போச்சு?



பழைய மாணவர் ஒருவர், தன் மகளின் கணக்கு நோட்டைப் படம் எடுத்து அனுப்பி, "சார், பாப்பா போட்டது சரியான்னு பாருங்க" என்று கேட்டிருந்தார். நோட்டில் இருந்தது இது:

(3x + 2)² = 9x² + 4

உங்களில் பலருக்கு நான் சிவப்பு மையில் சுழித்த அதே தப்பு. இது கவனக்குறைவு மட்டும் இல்லை. பெருக்கலில் (3 × 2)² = 9 × 4 என்பது சரி. அந்த வழக்கத்தைப் பிள்ளை கூட்டலுக்கும் கொண்டுவந்துவிடுகிறது.

10 அடிக்கு 10 அடி அறையை இரண்டு பக்கமும் 2 அடி நீட்டுங்கள். 12 × 12, அதாவது 144 சதுர அடி. ஆனால் 100 + 4 என்றால் 104தான். விடுபட்ட 40 எங்கே? பக்கத்துக்கு ஒன்றாக, 10 × 2 அளவில் இரண்டு பட்டைகள். அதுதான் நடு உறுப்பு. 499-இல் ஆரியபட்டர் இதையே திருப்பிச் சொல்லியிருக்கிறார்: கூட்டுத்தொகையின் வர்க்கத்திலிருந்து வர்க்கங்களின் கூட்டுத்தொகையைக் கழித்துப் பாதியாக்கினால் இரு எண்களின் பெருக்கற்பலன் வரும். 40-இல் பாதி 20, அதாவது 10 × 2.

விடையைச் சரிபார்க்க x-க்கு 10 போடுங்கள். இடப்பக்கம் 32² = 1024. பாப்பாவின் விடை 904. குறைவது 120, அதாவது 12x. சரியான விடை 9x² + 12x + 4.

எந்த எண்ணைப் போடுகிறோம் என்பதும் முக்கியம். 0 போட்டால் இரண்டு பக்கமும் 4 வரும், நடு உறுப்பு இல்லாததே தெரியாது. 1-ம் ஏமாற்றும். ஒரு பிள்ளை நடுவில் x-ஐ விட்டுவிட்டு 9x² + 12 + 4 என்று எழுதினால், 1 போடும்போது இரண்டு பக்கமும் 25தான். 10 போட்டால் 916 வந்து காட்டிக்கொடுக்கும்.

கழித்தலில் இன்னொரு தப்பு வரும். (3x − 2)²-க்கு 9x² − 12x − 4 என்று எழுதுவார்கள். 10 போட்டால் 28² = 784, ஆனால் விடை 776. −2-இன் வர்க்கம் +4 என்பதை மறந்ததால் 8 குறைகிறது.

ஒரு எண்ணுக்குப் பொருந்தவில்லை என்றால் விடை நிச்சயம் தப்பு. பொருந்தினால் மட்டும் சரி என்று முடிவு கட்டக் கூடாது. இதுபோன்ற இருபடிக் கோவையில் வெவ்வேறு மூன்று எண்களுக்கு இரு பக்கமும் ஒத்துப்போனால் சந்தேகமே வேண்டாம்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒன்று: (2x − 5)². பதில் அனுப்பும் முன் 10 போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 225 வரவேண்டும்.