மூன்று நாள் பயணமும் ஒரு நொடி உறக்கமும்

திருநெல்வேலியிலிருந்து ஹைதராபாத்திற்கு 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை வழியே ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். உறவினர் இல்லத் திருமணத்திற்காக முதன்முறை காரில் புறப்பட்டபோது, இதனை இரண்டு நாளில் கடந்துவிடலாம் என்று நாங்கள் கணக்கிட்டிருந்தோம். முதல் நாள் பெங்களூருக்குப் பத்து மணி நேரம் என்று கைப்பேசி வரைபடம் காட்டியது. சாமான்களை ஏற்றிப் புறப்படவே காலை ஒன்பதாகிவிட்டது. உணவு, தொழுகை, பிள்ளைகளின் தேவைகள் எல்லாம் சேர்ந்து, இரவு பத்து மணிக்கும் ஓசூரைத் தாண்டவில்லை. "அத்தா, வண்டி ஓரம் போகுது!" என்று மகள் அலறிய பின்னரே, கண்கள் மூடியிருந்ததை உணர்ந்தோம். அல்லாஹ்வின் கிருபையால் சாலையோர மண்ணோடு தப்பினோம்.

தொழுகையில் உறக்கம் மிகைத்தால், அது நீங்கும்வரை படுத்துக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியுள்ளார்கள். மாணவர்களுக்குப் பலமுறை இதைக் கற்பித்திருக்கிறோம். தொழுகைக்கே அந்த விதி என்றால், ஐந்து உயிர்களைச் சுமந்து ஓட்டும் வாகனத்திற்கு எப்படி இருக்க வேண்டும்? அடுத்த பயணத்தை இந்தக் கேள்வியிலிருந்தே திட்டமிட்டோம்.

முதலில் நேரக் கணக்கை மாற்றினோம். வரைபடம் காட்டுவது வண்டி நிற்காமல் ஓடும் நேரம். குடும்பத்தோடு செல்வோர் இடைநிறுத்தங்களையும் சேர்த்து மணிக்கு 40 முதல் 45 கிலோமீட்டர் என்று கொள்வதே மெய்யான கணக்கு. காலை ஆறு மணிக்குப் புறப்பட்டு மஃரிபுக்கு முன் தங்குமிடம் சேர வேண்டுமானால், ஒரு நாளுக்கு 400 கிலோமீட்டரே அளவு. அவ்வாறு பிரித்தபோது சேலமும் அனந்தபூரும் இரவு தங்கும் ஊர்களாக அமைந்தன.

முதல் நாள் ஸுப்ஹுக்குப் பின் புறப்பட்டு மதுரையில் காலை உணவு, கரூரில் லுஹரும் மதிய உணவும், மாலை நான்கரைக்குள் சேலம். இரண்டாம் நாள் கிருஷ்ணகிரியில் காலை உணவை முடித்துக்கொண்டு, அலுவலக நெரிசல் தணிந்த முற்பகல் பதினொரு மணியளவில் பெங்களூருக்குள் நுழைந்தோம். நகரைக் கடக்கவே இரண்டு மணி நேரம் ஒதுக்கியிருந்தோம், அது வீண்போகவில்லை. சிக்கபல்லாபூரில் லுஹர், மாலையில் அனந்தபூர். மூன்றாம் நாள் கர்னூலில் சற்று நீண்ட ஓய்வு, பிற்பகலில் ஹைதராபாத்.

எரிபொருளுக்கெனத் தனியே நிற்கவில்லை. எங்கள் வண்டியின் தொட்டி 35 லிட்டர். சுமையும் குளிர்சாதனமும் சேர்ந்தால் லிட்டருக்குப் 15 கிலோமீட்டர் தருகிறது. கரூர் வரையிலான 300 கிலோமீட்டருக்கு 20 லிட்டர் தீர்ந்திருக்கும். 15 லிட்டர் மிஞ்சும். ஆகவே கரூர், சிக்கபல்லாபூர், கர்னூல் என நீண்ட ஓய்வு கொள்ளும் ஊர்களிலேயே தொட்டியை நிரப்பினோம். நெரிசலில் மணிக்கணக்கில் நிற்க நேர்ந்தாலும் முள் கால் பங்குக்குக் கீழே இறங்கவில்லை.

தொழுகை ஏற்பாட்டில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நாங்கள், லுஹரையும் அஸ்ரையும் லுஹர் நேரத்திலேயே ஜம்உ, கஸ்ராகத் தொழுதுகொண்டோம். ஹனஃபி மத்ஹபினர் பயணத்தில் கஸ்ர் செய்வர்; இவ்வாறு ஜம்உ செய்வதில்லை. அவர்கள் அஸ்ருக்கென மாலையில் இன்னொரு நிறுத்தத்தையும், பெண்கள் தொழ வசதியுள்ள இடத்தையும் முன்கூட்டியே குறித்துக்கொள்ள வேண்டும்.

ஓய்வு நிறுத்தம் இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை; களைப்புத் தோன்றாவிட்டாலும் நிற்க வேண்டும். கடந்துவந்த சில கிலோமீட்டர் நினைவில் இல்லாமை, அறிவிப்புப் பலகையைத் தவறவிடுதல், வண்டி கோட்டை விட்டு விலகுதல் ஆகியவை உறக்கம் ஏற்கெனவே வந்துவிட்டதன் அடையாளங்கள். கண்ணாடியை இறக்குவதும் உரக்கப் பேசுவதும் அதை நீக்கா. தேநீரும் உடனே வேலை செய்யாது. ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். எனவே பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, தேநீர் அருந்திவிட்டு இருபது நிமிடம் கண்ணயர்வதே பயன் தரும். மதிய உணவுக்குப் பின் கரூரில் நாங்கள் அதையே செய்தோம். பின்னிருக்கையிலிருந்த வாப்பா, "நேரமாகுதே" என்றார்கள். "நேரத்தைக் கணக்கில் சேர்த்துத்தான் வந்திருக்கோம் வாப்பா" என்று பதிலுரைத்தோம்.

செவ்வாய்க்கிழமை புறப்பட்டு வியாழன் பிற்பகல் சேர்ந்தோம். நிகாஹ் வெள்ளி அஸ்ருக்குப் பின். வழியில் வண்டி பழுதாகி அரை நாள் கழிந்திருந்தாலும் விரைய வேண்டியிருந்திருக்காது. அந்த அவகாசம் செலவாகாமல் மிஞ்சியதால், மக்கா மஸ்ஜிதில் ஜும்ஆ தொழ வேண்டும் என்ற வாப்பாவின் நெடுநாள் ஆசையும் நிறைவேறியது. அல்ஹம்துலில்லாஹ்.